ஓராண்டு எம்.எஸ்சி. ஆய்வு: 100 கிணறு, 3 பருவம், 18,000 ரூபாய். நடக்குமா?

சேலத்து_மாணவி | ஜூன் 18, இரவு 9.40

எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல், இரண்டாமாண்டு. ஜூலையில் தொடங்கி மே மாதம் ஒப்படைக்க வேண்டும். தலைப்பு: தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, பருவ மாறுபாடு. வெள்ளிக்கிழமைக்குள் கால அட்டவணையும் பட்ஜெட்டும் இரண்டு பக்கத்தில் கேட்டிருக்கிறார் கைடு.

என் வரைவு: முதல் 3 மாதம் இலக்கிய ஆய்வு, அடுத்த 3 மாதம் மாதிரி சேகரிப்பு, 3 மாதம் பகுப்பாய்வு, கடைசி 2 மாதம் எழுத்து. 100 கிணறு, மூன்று பருவம், 12 அளவுருக்கள். கூடவே இரண்டு பள்ளிகளில் குழந்தைகளின் பல் கறை சர்வே. பட்ஜெட் 18,000, அதில் போக்குவரத்து 2,000. இது ஒத்துவருமா?

குறுக்குசால் | ஜூன் 18, இரவு 10.15

தாராளமா வரும். 18,000 அதிகம்னுகூடச் சொல்வேன். ஃபுளோரைடுக்கு ஸ்பாட்ன்ஸ் போதும், கலரிமீட்டர் எல்லாக் காலேஜ்லயும் இருக்கு. எல்லா பாட்டில்லயும் ரெண்டு சொட்டு நைட்ரிக் ஆசிட் விட்டு வெச்சுட்டா ஆறு மாசம் ஆனாலும் கெடாது. மொத்தமா சேர்த்து வெச்சு லீவுல உட்கார்ந்து முடிச்சுடலாம்.

பியூரெட் | ஜூன் 18, இரவு 10.52

குறுக்குசால் தம்பி, நைட்ரேட் அளக்கிற பாட்டில்ல நைட்ரிக் ஆசிட் விட்டா கடைசியில அளக்கிறது நம்ம ஆசிட்டைத்தான். காரத்தன்மை அளக்குற தண்ணியில ஆசிட் விட்டா அதுவும் போச்சு.

ஆசிட் விடுறது கால்சியம், சோடியம் மாதிரி உலோகங்களுக்கு மட்டும். அதுவும் 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டின பிறகு, பிஎச் 2-க்குக் கீழ வர்ற அளவுக்கு. அந்த பாட்டிலுக்குத்தான் ஆறு மாசக் கெடு. ஃபுளோரைடு எதுவும் சேர்க்காம பிளாஸ்டிக் பாட்டில்ல 28 நாள் நிக்கும், கண்ணாடியில வேண்டாம். நைட்ரேட் ஐஸ்ல வெச்சாலும் 48 மணி நேரம்தான். காரத்தன்மையை அன்னிக்கு சாயங்காலமே பார்த்துடணும். அதனால ஒவ்வொரு கிணத்துக்கும் ரெண்டு பாட்டில்: ஒண்ணு சும்மா, ஒண்ணு வடிகட்டி ஆசிட் விட்டது. மொத்தமா சேர்த்து வைக்கிற கதை இங்க செல்லாது.

ஸ்பாட்ன்ஸ் பத்தி சொன்னது பாதி சரி. 1.4 மி.கி. வரைக்கும்தான் அது ஒழுங்கா நேர்கோட்டுல போகும். பென்னாகரம் பக்கம் அதைத் தாண்டுற தண்ணி நிறைய வரும், எல்லாத்தையும் நீர்த்துப்போக வெச்சு அளக்கணும். எலெக்ட்ரோடு இருந்தா எலெக்ட்ரோடுதான்.

நிதிக்குழு | ஜூன் 19, காலை 7.05

பட்ஜெட்டில் ஜே.ஆர்.எஃப். சம்பளம் எங்கே? நிறுவன மேல்செலவு எத்தனை சதவீதம்? உபகரணத் தலைப்பும் தொடர்செலவுத் தலைப்பும் பிரிக்காமல் எந்த நிதி நிறுவனமும் வாங்காது. வருடவாரியாகப் பிரித்து, பயன்பாட்டுச் சான்றிதழ் வடிவமும் இணையுங்கள்.

சேலத்து_மாணவி | ஜூன் 19, காலை 7.30

சார், இது எம்.எஸ்சி. புராஜெக்ட். துறையிலிருந்து 15,000, வீட்டிலிருந்து 10,000. அவ்வளவுதான். சம்பளம் எனக்கே இல்லை.

கருங்கல் | ஜூன் 19, காலை 11.20

மூணு மூணு மாசமாப் பிரிச்சிருக்கிறது தோசையை நாலாப் பிச்ச மாதிரி இருக்கு. நீங்க பிரிச்சபடியே வானம் பிரியாது. நிலத்தடி நீர் வேலையில முதல்ல மழையைப் போடணும், அப்புறம் பல்கலைக்கழகத் தேதிகளை. மிச்சம் இருக்கிற இடத்துலதான் உங்க வேலை.

தருமபுரிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு, ரெண்டுமே மழை தரும். உண்மையான கோடை மாதிரி மே மாசத்துல எடுக்கணும். உங்களுக்கு இந்த மே போயிடுச்சு, அடுத்த மே மாசம் தீசிஸ் பைண்டிங் கடையில நிப்பீங்க. உங்க அட்டவணைப்படி சேகரிப்பு அக்டோபர்ல இருந்து டிசம்பர். அதாவது மழை கொட்டிக்கிட்டு இருக்கும்போதே. முதல் கிணத்துக்கும் நூறாவது கிணத்துக்கும் நடுவுல ரெண்டு மாச மழை. அப்புறம் ரெண்டு கிணத்துக்கும் உள்ள வித்தியாசம் பாறையால வந்ததா, மழையால வந்ததான்னு யாரும் சொல்ல முடியாது. நவம்பர் செமஸ்டர் தேர்வு வேற இருக்கும்.

என் யோசனை: ஆகஸ்டுல 10 கிணத்துல ஒரு முன்னோட்டம். பொங்கல் கழிச்சு ஜனவரி மூணாவது வாரத்துல 40 கிணறு, முக்கியச் சுற்று. மார்ச் கடைசியில அந்த 40-ல 15-ஐ மட்டும் திரும்ப. ஜனவரியில மழை முடிஞ்ச நிலை, மார்ச்ல தண்ணி இறங்கின நிலை. மழைக்காலத்துல பழைய தரவு, வரைபடம், முதல் ரெண்டு அத்தியாயம்.

இலக்கிய ஆய்வுக்குத் தனியா மூணு மாசம் ஒதுக்காதீங்க. ஜூலையில செய்ய வேண்டிய முதல் வேலை, துறையில இருக்கிற ஃபுளோரைடு எலெக்ட்ரோடு உயிரோட இருக்கான்னு பார்க்கிறது. 1, 10 மி.கி. ஸ்டாண்டர்டு ரெண்டையும் டிஸாப் சேர்த்து அளங்க. அறை வெப்பத்துல ரெண்டுக்கும் நடுவுல 54-ல இருந்து 60 மில்லிவோல்ட் வித்தியாசம் வரணும். 50-க்குக் கீழ வந்தா படிகத்தைத் துடைச்சுட்டு மறுபடி பாருங்க, அப்பவும் ஏறலன்னா புது எலெக்ட்ரோடு. அந்த ஒரு வரியே உங்க மொத்த பட்ஜெட்டைத் தின்னுடும். அதனால பட்ஜெட் எழுதறதுக்கு முன்னாடி இந்தச் சோதனை.

வலிகாமம் | ஜூன் 19, மாலை 4.10

நாங்கள் யாழ்ப்பாணத்தில நைத்திரேற்று செய்தனாங்கள். சுண்ணக்கல், ஆழமில்லாத திறந்த கிணறு, சுத்திவர வெங்காயத் தோட்டம். மாரி தொடங்கி நிலம் நனைஞ்ச உடனதான் நைத்திரேற்று ஏறும். அதால மழைக்குள்ள எடுக்காமல் விட்டால் கதையே தவறிப்போகும் தங்கச்சி. ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம்.

கருங்கல் | ஜூன் 19, மாலை 6.45

வலிகாமம், உங்க ஊருக்கு அது சரி. சுண்ணாம்புக்கல்லுல மழை சட்டுனு கீழே இறங்கும், மேல போட்ட உரத்தையும் கையோட கூட்டிட்டுப் போகும். இங்க கதை வேற. ஃபுளோரைடு மேல இருந்து வரல, பாறைக்குள்ள இருந்து கரைஞ்சு வருது. கெட்டிப்பாறை, விரிசல்ல ஊறுற தண்ணி, பல ஆழ்துளைக் கிணறு நூறு மீட்டரைத் தாண்டும். ஒரே ஊர்ல ஒரு கிணத்துல மழைக்கப்புறம் குறையும், பக்கத்துக் கிணத்துல கூடும். அதனால நடு மழையில எடுக்கிறதுக்கு அவங்களுக்குத் தனிக் காரணம் எதுவும் இல்ல.

சேலத்து_மாணவி | ஜூன் 19, இரவு 8.20

புரிகிறது. ஆனால் கைடு தலைப்பில் ‘பருவ மாறுபாடு’ வேண்டும் என்கிறார். ஜனவரியும் மார்ச்சும் மட்டும் எடுத்து அப்படிச் சொல்லலாமா? பல் சர்வேயை ஏன் யாருமே பேசவில்லை?

கருங்கல் | ஜூன் 20, காலை 10.00

சர்வேயை எடுத்துடுங்க. குழந்தைங்க பல்லைப் பார்க்கணும்னா நெறிமுறைக் குழு ஒப்புதல், பெற்றோர் கையெழுத்து, கல்வித்துறை அனுமதி எல்லாம் வேணும். குழு நினைச்ச நேரத்துல கூடாது. ஒரு தடவை திருத்தம் கேட்டுத் திருப்பினா அரையாண்டு ஓடிடும். அப்புறம் பல் கறையை மட்டம் பிரிச்சுச் சொல்லப் பயிற்சி எடுத்த பல் மருத்துவர் வேணும்.

மே மாசத் தரவுக்கு ஒரு வழி இருக்கு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன்னோட கண்காணிப்புக் கிணறுகள்ல நீர்மட்டத்தை வருஷத்துக்கு நாலு தடவையும், நீரின் தரத்தைக் கோடையிலயும் பார்க்குது. உங்க பகுதியில வர்ற கிணறுகளோட பழைய எண்களைப் பின்புலமா வைக்கலாம். ஆனா உங்க ஜனவரி எண்ணோட அதை ஒரே வரைபடத்துல கலக்காதீங்க. கிணறு வேற, ஆய்வகம் வேற, வருஷம் வேற.

தலைப்பு விஷயத்துல எனக்கே ரெண்டு மனசு. ‘மழைக்குப் பிந்தைய நிலையும் கோடை முகமும்’னு நேர்மையாப் போடலாம். கைடு ஒத்துக்குவாரான்னு எனக்குத் தெரியாது.

தராசு | ஜூன் 20, பகல் 1.30

நூறு கிணறு வேண்டாம்னு எல்லாரும் சொல்றீங்க, நாப்பதுக்கு எவ்வளவு ஆகும்னு யாரும் கணக்குப் போடல. கருங்கல் அண்ணா, எண்ணைக் காட்டுங்க.

கருங்கல் | ஜூன் 20, மாலை 5.15

சரி, போடுவோம். விலையெல்லாம் நான் வெச்ச தோராயம், நீங்க கொட்டேஷன் வாங்கி மாத்திக்கணும்.

கிணத்து எண்ணிக்கை 10, 40, 15, ஆக 65. பத்துக்கு ஒண்ணு இரட்டை மாதிரி, அது 7. களத்துக்குப் போற ஒவ்வொரு நாளும் ஒரு வெற்று மாதிரி, பத்து நாளுக்கு 10. மொத்தம் 82. பட்ஜெட்டோட அச்சாணி இந்த 82-தான், 65 இல்ல. பாட்டில், ஃபில்டர், ரசாயனம் எல்லாம் இதை வெச்சுத்தான் பெருகும். உங்க வரைவுல இரட்டையும் இல்ல, வெற்றும் இல்ல.

பயணத்துக்கு ரெண்டு பைக், ரெண்டு பேர். ஐஸ் பெட்டியும் மீட்டரும் தண்ணியும் ஒரே வண்டியில ஏறாது. முன்னோட்டம் ஒரு பயணம், ரெண்டு நாள். முக்கியச் சுற்று மூணு நாள் வீதம் ரெண்டு பயணம். கடைசி ஒண்ணு, ரெண்டு நாள். சேலத்துல இருந்து போய்வர 160 கி.மீ., உள்ளுக்குள்ள நாளுக்கு 60. லிட்டருக்கு 45 கி.மீ., பெட்ரோல் 102 ரூபாய்னு வெச்சா 5,610. ஆறு ராத்திரி லாட்ஜ் 5,400. சாப்பாடு 6,000. பயணம் மட்டும் 17,010. நீங்க போட்டது 2,000.

பியூரெட் | ஜூன் 20, இரவு 9.05

கருங்கல் சார், மூணு நாள் பயணம் ஒத்துவராது. முதல் நாள் காலையில எடுத்த நைட்ரேட் பாட்டில் மூணாம் நாள் ராத்திரிதான் ஆய்வகத்துக்கு வரும். 48 மணி நேரம் அங்கேயே தாண்டிடுச்சு. மேல நான் எழுதினதை நீங்க படிக்கலையோ?

இன்னொண்ணு, சனி ஞாயிறு கிளம்பாதீங்க மா. ஞாயித்துக்கிழமை ஆய்வகம் பூட்டிக் கிடக்கும். திங்கள் போய் செவ்வாய் திரும்பி, புதன் காலையில வேற எதையும் தொடாம முதல்ல நைட்ரேட்.

கருங்கல் | ஜூன் 20, இரவு 9.40

படிச்சேன், கணக்குப் போடும்போது மறந்துட்டேன். திருத்திக்கிறேன். முக்கியச் சுற்று ரெண்டு நாள் வீதம் மூணு பயணம், நாளுக்கு ஏழு கிணறு. பயணம் அஞ்சு, ராத்திரி அஞ்சு, களநாள் அதே பத்து. பெட்ரோல் 6,350 ஆகுது, லாட்ஜ் 4,500 ஆகுது. மொத்தம் 16,850. தப்பைத் திருத்தினதுல 160 ரூபாய் மிச்சம்!

மத்தது: பாட்டில் 3,960, சிரிஞ்சு ஃபில்டர் 4,050, ரசாயனம் 6,500, ஐஸ் கையுறை லேபிள் 1,500, அச்சு பைண்டிங் 3,000. உங்க எண்கள் சரிதானான்னு பார்க்க வெளி ஆய்வகத்துல அயன் குரோமட்டோகிராஃபியில 10 மாதிரி. மாதிரிக்கு 800 ரூபாய்னு சொல்லுவாங்க, பில்லுல 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறி 944 ஆகும். அது 9,440. கூட்டினா 45,300.

குறுக்குசால் | ஜூன் 20, இரவு 10.10

45,300-ஆ! டிஸாப் பாட்டில் வெளியில வாங்குறதை நிறுத்துங்க முதல்ல. அதுலயே காசு போகுது.

பியூரெட் | ஜூன் 20, இரவு 10.30

இது முழுசாச் சரி, குறுக்குசால் தம்பிக்கு ஒரு மார்க். டிஸாப் நாமளே கலக்கலாம். ஒரு லிட்டருக்கு கிளேசியல் அசிட்டிக் ஆசிட் 57 மி.லி., உப்பு (சோடியம் குளோரைடு, சமையல் உப்பு இல்ல) 58 கிராம், சிடிடிஏ 4 கிராம். பாதித் தண்ணியில கரைச்சு, சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 5.3-க்கும் 5.5-க்கும் நடுவுல கொண்டுவந்து, லிட்டர் ஆக்கிக்கணும். சூடாகும், பாத்திரத்தைத் தண்ணியில உட்கார வெச்சு மெதுவா விடுங்க. மாதிரி 10 மி.லி.க்கு டிஸாப் 10 மி.லி. ரெண்டு தடவை அளக்க, ஸ்டாண்டர்டுக்கு எல்லாம் சேர்த்து 3 லிட்டர் போதும்.

குளோரைடு டைட்ரேஷனுக்கு சில்வர் நைட்ரேட்தான் கையைக் கடிக்கும். உங்களுக்குத் தேவை சுமார் 5 கிராம், கடையில 25 கிராம் பாட்டிலா நீட்டுவாங்க. துறையில இருக்கிறதுல இருந்து எடுத்துக்கங்க, இல்லன்னா இன்னும் ரெண்டு மாணவர்களோட சேர்ந்து வாங்குங்க.

சேலத்து_மாணவி | ஜூன் 21, காலை 8.15

என்னிடம் 25,000தான். எதை வெட்டுவது? இரட்டையும் வெற்றும் எடுத்துவிட்டால் 17 மாதிரி குறைகிறதே?

கருங்கல் | ஜூன் 21, காலை 9.50

அது மட்டும் வேண்டாம். வெற்று மாதிரியில ஃபுளோரைடு வந்துச்சுன்னா பாட்டிலோ தண்ணியோ அழுக்குன்னு தெரியும். அது இல்லாம 65 எண் கையில இருந்தும் எதையும் நம்ப முடியாது. கிணத்தை வெட்டுங்க.

முன்னோட்டம் 6, முக்கியச் சுற்று 24, திரும்ப 10. இரட்டை 4, களநாள் ஏழுக்கு வெற்று 7. மொத்தம் 51. வெளி ஆய்வகத்துக்கு 5. எல்லாம் மறுபடி போட்டா 30,515 வருது. எதிர்பாராததுக்கு ஒரு 3,000 சேர்த்தா 33,500. இன்னும் 8,500 துண்டு விழுது. மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தோட மாணவர் திட்ட உதவிக்குத் துறை வழியா விண்ணப்பிங்க. ஆனா அது வரும்னு நம்பி ஜூலை வேலையைக் கட்டாதீங்க. பணம் எப்ப கைக்கு வரும்னு சொல்ல முடியாது.

24 கிணத்துக்கு அழகான வரைபடம் வராது, அதையும் இப்பவே கைடுகிட்ட சொல்லிடுங்க. புள்ளியாக் காட்டுங்க, நடுவுல வண்ணம் பூசி நிரப்பாதீங்க. விரிசல் பாறையில ரெண்டு கிணத்துக்கு நடுவுல என்ன இருக்குன்னு கணினிக்குத் தெரியாது.

பியூரெட் | ஜூன் 21, பகல் 12.40

ஆசிட் பாட்டிலையும் ஃபில்டரையும் விட்டுடலாம்னு தோணுது சார். கால்சியம், மக்னீசியத்தை புதன்கிழமையே இடிடிஏ போட்டு முடிச்சா எதுக்கு ஆசிட்? 3,245 மிச்சம். வெளி ஆய்வகத்துக்குப் பதிலா பக்கத்துக் காலேஜ்ல அஞ்சு மாதிரி கொடுத்து ஒப்பிட்டா 4,720 மிச்சம். துண்டு கிட்டத்தட்ட அடைஞ்சுடும்.

கருங்கல் | ஜூன் 21, பகல் 2.05

ரெண்டாவது சரி. முதலாவதுல எனக்கு உடன்பாடில்ல. அங்க ஃபுளோரைடு ஏறின தண்ணி காரமானது, பைகார்பனேட் நிறைய. பாட்டில்ல நின்னா கால்சியம் சுண்ணாம்பாப் படிஞ்சுடும், அடியில வெள்ளையாத் தெரியும். ரெண்டு நாள்ல எவ்வளவு படியும்னு முன்னோட்டத்துலயே பார்க்கட்டும். ஒரே கிணத்துல ரெண்டு விதமாவும் எடுத்து ஒப்பிடட்டும்.

பியூரெட் | ஜூன் 21, பகல் 2.20

ஐஸ்ல இருந்தா அவ்வளவு படியாதுங்கிறது என் கட்சி. பார்க்கட்டும்.

சேலத்து_மாணவி | ஆகஸ்டு 27, இரவு 10.30

முன்னோட்டம் முடிந்தது. ஜூலையில் பார்த்ததில் எலெக்ட்ரோடு 57 மில்லிவோல்ட் காட்டியது, அந்தக் கவலை இல்லை.

ஒரே நாளில் 6 கிணறு திட்டம், 4தான் முடிந்தது. ஒரு அடிபம்பில் கைப்பிடியே இல்லை. ஒரு தோட்டத்து போர்வெல்லில் மும்முனை மின்சாரம் மாலையில்தான் வரும் என்றார்கள். நான்கில் ஒன்று குழப்பமாக இருக்கிறது: ஊர்ப் பொதுக்குழாயில் ஃபுளோரைடு 0.3, இ.சி. 380. அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்தில் 4.1, இ.சி. 1,450. எலெக்ட்ரோடு தப்பா?

கருங்கல் | ஆகஸ்டு 28, காலை 7.45

எலெக்ட்ரோடு தப்பில்ல, குழாய் தப்பு. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தப்புறம் அந்தப் பக்கத்து மேல்நிலைத் தொட்டிகள்ல காவிரித் தண்ணி ஏறுது. சில ஊர்ல போர்வெல் தண்ணியும் அதே தொட்டியில கலக்கும். நீங்க பிடிச்சது காவிரி. ஃபுளோரைடு திடீர்னு குறைஞ்சு, கூடவே இ.சி.யும் விழுந்தா முதல்ல தொட்டியைச் சந்தேகப்படுங்க. குழாயில பிடிக்காம, போர்வெல் தலைப்பகுதியிலேயே, தொட்டிக்கு ஏறுறதுக்கு முன்னாடி பிடிங்க. இ.சி. மீட்டரை ஓடுற தண்ணியில வெச்சுப் பாருங்க, எண் அசையாம நின்னதும் பிடிங்க.

கைப்பிடி இல்லாத பம்புக்கும் இதே காரணம் இருக்கலாம். குடிக்கக் காவிரி வந்ததும் பழைய பம்பை யாரும் பழுது பார்க்கிறதில்ல. 24 வேணும்னா பட்டியல்ல 34 வையுங்க. அந்த ஃபீடருக்கு மும்முனை எத்தனை மணிக்குன்னு லைன்மேன்கிட்ட முதல் நாளே கேட்டு, அந்த வரிசையில கிணத்தை அடுக்குங்க. வரைபடத்துல எது பக்கம்கிறது இரண்டாவது.

சேலத்து_மாணவி | ஆகஸ்டு 28, இரவு 9.10

நாளுக்கு ஏழு என்பதை ஆறாகக் குறைக்கிறேன். 24 கிணறு, நான்கு நாள், கணக்கு மாறவில்லை. பியூரெட் அக்கா, ஆசிட் விட்ட பாட்டிலில் கால்சியம் 62, விடாததில் 58. இது பெரிய வித்தியாசமா?

பியூரெட் | ஆகஸ்டு 28, இரவு 9.35

ஒரே பாட்டிலை ரெண்டு தடவை டைட்ரேட் பண்ணினாலே ரெண்டு மூணு முன்னப்பின்ன வரும். நான் ஜெயிச்சேன்னும் சொல்ல முடியாது, சார் ஜெயிச்சார்னும் சொல்ல முடியாது.

கருங்கல் | ஆகஸ்டு 28, இரவு 10.00

அதே 4.1 கிணத்துலயா? இல்லன்னா ஒப்பீடே செல்லாது. காரமான தண்ணியிலதான் படியும்.

சேலத்து_மாணவி | ஆகஸ்டு 28, இரவு 10.05

இல்லை, வேறு கிணறு.

கருங்கல் | ஆகஸ்டு 28, இரவு 10.08

அப்ப ஆசிட் பாட்டில் இருக்கட்டும்.

தராசு | டிசம்பர் 2, மாலை 6.20

சும்மா ஞாபகப்படுத்துறேன். துறைப் பணம் 15,000-க்கு மார்ச் 31-க்குள்ள பில் கொடுக்கணும், நிதியாண்டு அன்னிக்கு முடியுது. மார்ச் கடைசிப் பயணத்தோட பெட்ரோல் பில் அதுக்குள்ள அலுவலகத்துக்குப் போகாது. அந்தப் பயணத்தை வீட்டுப் பணத்துல வையுங்க. பாட்டில், ஃபில்டர், ரசாயனத்தை இப்பவே துறைப் பணத்துல வாங்கி முடிங்க. மூணு கொட்டேஷன் வாங்கி, ஆர்டர் போட்டு, சரக்கு வர்றதுக்கே ஒரு மாசத்துக்கு மேல ஆகும். பொங்கலுக்கப்புறம் களம்னா இன்னிக்கே தாமதம்தான்.

சேலத்து_மாணவி | பிப்ரவரி 3, இரவு 11.15

24-ம் முடிந்தது. ஒரு கிணற்றில் ஃபுளோரைடு 5.2, கால்சியம் 160. அயனிச் சமநிலை +17 சதவீதம். மற்ற எல்லாம் 5-க்குள். இந்த ஒன்றை நீக்கிவிடலாமா?

கருங்கல் | பிப்ரவரி 4, காலை 8.30

நீக்காதீங்க, தேடுங்க. கால்சியம் அவ்வளவு இருக்கிற தண்ணியில ஃபுளோரைடு அவ்வளவு உயரம் ஏறாது. ரெண்டும் சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடாப் படிஞ்சுடும். அதனாலதான் ஃபுளோரைடு ஏறின கிணறுகள்ல கால்சியம் குறைவா, சோடியம் அதிகமா இருக்கும். ரெண்டுல ஒண்ணு தப்பு. சமநிலையில நேர்மின் பக்கம் கூடியிருக்கு, ஆக கால்சியம்தான் குற்றவாளி. எக்செல்ல என்ன போட்டிருக்கீங்க?

சேலத்து_மாணவி | பிப்ரவரி 4, காலை 9.05

இதுதான், C நேர்மின், D எதிர்மின், இரண்டும் மில்லி ஈக்விவலன்ட்டில்:

```
=100*(C2-D2)/(C2+D2)
```

பியூரெட் | பிப்ரவரி 4, காலை 9.30

சூத்திரம் சரி மா. டைட்ரேஷன் நோட்டைப் பாருங்க. அந்த மாதிரியை நாலு மடங்கு நீர்த்துப்போக வெச்சீங்களா, வைக்காமலே நாலால பெருக்கிட்டீங்களா?

சேலத்து_மாணவி | பிப்ரவரி 4, காலை 9.50

வைக்கவில்லை. பெருக்கிவிட்டேன். கால்சியம் 40. சமநிலை இப்போது 5-க்குள் வந்துவிட்டது.

கருங்கல் | பிப்ரவரி 4, காலை 10.10

இதை அந்த வாரமே கூட்டியிருந்தா அன்னிக்கே மாட்டியிருக்கும். நோட்டுல எழுதி வெச்சிருந்ததால தப்பிச்சீங்க. மார்ச் சுற்றுல ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சமநிலை போட்டுடுங்க.

குறுக்குசால் | ஏப்ரல் 6, மாலை 7.00

கடைசியில எவ்வளவு ஆச்சு? நான் 18,000-னு சொன்னது ஞாபகம் இருக்கு.

சேலத்து_மாணவி | ஏப்ரல் 6, இரவு 9.25

28,900. பக்கத்துக் கல்லூரியில் ஐந்து மாதிரியை இலவசமாகப் பார்த்துக் கொடுத்தார்கள். பெட்ரோல் மட்டும் கணக்கை மீறியது: மின்சாரம் வராத கிணறுகளுக்கு இரண்டாம் முறை போனதால் 900 ரூபாய் கூடுதல். மாணவர் திட்ட உதவிக்கு இன்னும் பதில் இல்லை. மார்ச்சில் 10 கிணற்றில் இரண்டு வற்றிவிட்டன, 8-தான் கிடைத்தது. எட்டை வைத்து ‘பருவ மாறுபாடு’ என்று தலைப்பில் போட முடியாது என்கிறேன், கைடு போடச் சொல்கிறார். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வலிகாமம் | ஏப்ரல் 7, காலை 6.50

தலைப்பில போட்டாலும், எட்டுக் கிணறு எண்டு முதல் பக்கத்திலயே எழுதிவிடுங்கோ. வைவாவில ஆரும் கேட்க முதல் நீங்களே சொல்லிப்போடலாம்.

பியூரெட் | ஏப்ரல் 7, காலை 9.15

எலெக்ட்ரோடைக் கழுவித் துடைச்சு, உலர வெச்சு, மூடி போட்டு எடுத்து வையுங்க. தண்ணியில ஊற வெச்சுட்டுப் போயிடாதீங்க. ஜூலையில அடுத்த பேட்ச் வந்து அதைத்தான் கேட்கும்.